"வேணாம்" சொல்ல வழியில்லாத கேள்வி

குழாய்ச் சாமான் கடையில் அக்காவுக்கு அன்று வெள்ளோட்டம். தேறினால்தான் வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். துணைக்கு வந்த நான் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து தீவிரமாகத் துணையிருந்தேன்.

மூத்த விற்பனையாளர் வாசலிலேயே ஒவ்வொருவரையும் மடக்கினார்.

"ஹெல்ப் வேணுமா சார்?"

"வேணாம், சும்மா பாக்குறேன்."

சட்டையெல்லாம் நனைந்து வந்த ஒருவரும் அதையேதான் சொன்னார். சொட்டச் சொட்ட நனைந்து வந்து குழாய்களைச் சும்மா பார்க்கும் கலாரசிகர்! அலமாரிகளைச் சுற்றிவிட்டு, வெறுங்கையோடு வாசலை நோக்கி நடந்தார்.

அக்கா கவுண்டரில் இருந்தபடியே கேட்டாள். "அண்ணே, வீட்டுல என்ன வேலை நடக்குது?"

ஒரே வார்த்தையில் நழுவ முடியாத கேள்வி. மனிதர் நின்றார்.

"அதை ஏம்மா கேக்குற! குழாயை நானே மாட்டுறேன்னு வீராப்பு பேசினேன். சுவத்துல மாட்டுற இடத்துல பீச்சி அடிக்குது. பொண்டாட்டி துணியால அமுக்கிப் பிடிச்சிட்டிருக்கா. என்ன வாங்கணும்னே தெரியல."

"முதல்ல மெயின் வால்வை மூடச் சொல்லுங்க."

அவர் போனில் சொல்லி முடிப்பதற்குள், கசியாமலிருக்கக் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை அக்கா எடுத்து வைத்துவிட்டாள்.

"வேணுமான்னு கேட்டா, வேணாம்னு வாய் தானா சொல்லிடுது," என்று சிரித்தார் அவர்.

கல்லாவிலிருந்த முதலாளி மூத்த விற்பனையாளரைப் பார்த்தார். "கேட்டீங்களாய்யா?" பிறகு அக்காவிடம், "நாளையிலிருந்து வந்துடும்மா."

"என் அக்கா" என்று பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் சொன்னேன். யாரென்று அவர் கேட்கவேயில்லை.