நான்கு பக்க வரவேற்புரை

திருச்சியில் நடந்த மண் பரிசோதனைப் பயிலரங்குக்கு விவசாயிகள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினரைத்தான் காணோம். பத்தேகால்வரை பொறுத்துப் பார்த்த வேளாண் அலுவலர் ஜெஸிமா, நான்கு பக்க வரவேற்புரையை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாரும் வாங்க, வணக்கம். பாத்ரூம் இடப்பக்கம். தாழ்ப்பாள் சரியா விழுது, நானே பாத்துட்டேன்.”

அரங்கு சிரித்தது.

“பதினொன்னுக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலு மணிக்கு விட்டுருவோம், துறையூர் பஸ்ஸைப் பிடிச்சிடலாம். போறப்ப உங்க மண்வள அட்டையை நீங்களே படிச்சுப் புரிஞ்சிக்கணும். அதுக்குத்தான் கூடியிருக்கோம். போனை மட்டும் சைலண்ட்ல போட்டுருங்க.”

கைதட்டலுக்கு நடுவே, மாலைக்குக் கழுத்தை நீட்டியபடி விருந்தினர் நுழைந்தார்.

“வாங்க சார், வரவேற்பு முடிஞ்சிருச்சு. உக்காருங்க. பாத்ரூம் இடப்பக்கம்.”