பதினேழாயிரம் எழுத்து உபரி

மஹிமாவுக்கு இருந்தது பத்து நிமிட வேலை. அதற்கு அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதினாள் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

கல்கத்தாவில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தலைமை அலுவலகம். அதில் அவள் ஒரு வருட கான்ட்ராக்டில் டிசைனர். அந்த மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது. பெஹாலா வீட்டு வாடகையும் அம்மாவின் மூட்டுவலி வைத்தியமும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வடிவமைத்த நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆண்டறிக்கைக்கு போர்டு ஒப்புதல் கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை அமைச்சகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இணையதளம் பத்து எம்.பி.க்கு மேல் வாங்காது. டிசைன் மென்பொருள் கக்கிய பி.டி.எஃப். அறுபத்தெட்டு எம்.பி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீ ஏத்திட்டா உன் நீட்டிப்புக்கு நானே எழுதறேன். ஏறலைன்னா என்னால வாயைத் திறக்க முடியாதும்மா" என்றார் மக்கள் தொடர்பு மேலாளர் குருமூர்த்தி. திருச்சிக்காரர், நல்ல மனிதர், பயந்த சுபாவம். "போட்டோவை மட்டும் குறைச்சிடாதே. போன வருஷம் சேர்மன் முகம் கட்டம் கட்டமாப் போய் நான் பட்ட பாடு போதும்."

போட்டோவைத் தொடவே தேவையில்லை என்பது கோப்பின் உள்ளே எட்டிப் பார்த்ததுமே மஹிமாவுக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்தெட்டில் இருபத்தொன்பது எம்.பி., மறுபடி திறந்து திருத்த வசதியாக மென்பொருள் தன் சொந்தச் சரக்கை மூட்டை கட்டி வைத்திருந்தது. ஒன்பது எம்.பி. மறைத்து வைத்த லேயர்களில் கிடந்த பழைய படங்கள். பாக்கியில் பெரும்பகுதி எழுத்துருக்கள். ஹவுரா அச்சகத்துக்காரர் கடைசி நேரத் திருத்தத்துக்கு வேண்டும் என்று கேட்டதால், எழுத்துருக்களை முழுசாகப் பொதித்திருந்தாள். ஜப்பானியக் குழு வந்துபோன செய்திக்காக ஒரே ஒரு வரி ஜப்பானிய மொழியில் இருந்தது. பதினோரு எழுத்து. அந்தப் பதினோரு எழுத்துக்காகப் பதினேழாயிரம் எழுத்துகள் கோப்புக்குள் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தன. பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் கேட்காதவற்றை வெளியே அனுப்பினால் பக்கங்கள் ஒரு புள்ளிகூட மாறாது. கோப்பு எட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் போர்டு ஒப்புதல் பெற்ற கோப்பு. கான்ட்ராக்ட் ஆசாமி தன்னிஷ்டத்துக்குக் கை வைக்கலாமா? 'பயன்படாத எழுத்துருப் பகுதிகளையும் படங்களையும் நீக்க அனுமதி வேண்டும்' என்று திங்கட்கிழமை குறிப்பு எழுதினாள். குருமூர்த்தி அதைத் தன் மேஜையில் வைத்துக்கொள்ளப் பயந்து மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் பக்கவாட்டில் தள்ளினார்கள். வியாழக்கிழமை அது ஸ்டோர்ஸ் பிரிவு சுந்தரராஜனிடம் போய் நின்றது.

சுந்தரராஜன் பேரேடும் கையுமாக வந்தார். கும்பகோணத்துக்காரர். ஸ்டோர்ஸில் முப்பது வருடம். ஒரு குண்டூசியைக்கூட அவர் கணக்கில்லாமல் விட்டதில்லை.

"இந்த ஜப்பான் எழுத்துரு பர்சேஸ் ஆர்டர் போட்டு வாங்கினதும்மா. பேரேட்ல ஏறியிருக்கு. இதோ. கம்பெனி சொத்து. இதுல பயன்படாததை நீக்கணும்னா, சரக்கைக் கழிச்சுக் கட்டற கண்டம் கமிட்டி உட்காரணும்."

"சார், எழுத்துரு நம்ம கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கும். இந்த பி.டி.எஃப்.லேர்ந்து மட்டும்தான் எடுக்கறோம்."

"மத்த ரூம்ல ஃபேன் ஓடுதுங்கறதுக்காக இந்த ரூம் ஃபேனை யாராவது கழட்டிட முடியுமா?"

மஹிமாவுக்கு அழுகை வந்தது. அந்த அலுவலகத்தில் கால் உடைந்த நாற்காலியைத் தூக்கிப் போடக்கூட மூன்று பேர் கமிட்டியாக நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எழுத்துக்கும் அதுதான் கதி என்று யார் கண்டது?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கமிட்டி அவள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. சுந்தரராஜன், குருமூர்த்தி, நிர்வாகப் பிரிவிலிருந்து தமயந்தி தி; வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் 'தி' போட்டுக் கூப்பிடுவார்கள். நேரில் சரிபார்ப்பது விதி. ஜப்பானிய எழுத்துகள் திரையில் வரிசை வரிசையாக ஓட, சுந்தரராஜன் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். நானூறு எழுத்து தாண்டியதும் பென்சிலை நிறுத்தினார்.

"எல்லாமே நல்ல நிலைமைல இருக்கேம்மா. நல்லா இருக்கறதை எப்படி கண்டம் பண்றது? ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?"

குருமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். "உபரின்னு போடுங்களேன், சார். தேவைக்கு மேல்னு."

"அப்படி வாங்க வழிக்கு" என்று சுந்தரராஜன் நிம்மதியாக எழுதினார். பதினேழாயிரம் எழுத்து, உபரி, நல்ல நிலையில். மறைந்த லேயர்ப் படங்கள், உபரி. மென்பொருளின் சொந்த மூட்டை, உரிமையாளர் தெரியாதது.

மூன்றரைக்கு வங்காள எழுத்துரு வந்தது. அதில் பாதிக் கூட்டெழுத்துகள் அறிக்கையில் எங்கும் இல்லை. தமயந்தி தி பேனாவை மூடி வைத்துவிட்டார். அரைகுறை இந்தியில் அவர் சொன்னது இதுதான்: ஜப்பான்காரன் எழுத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு வங்காள எழுத்தை வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"தி, அது அரை எம்.பி.கூட இல்லை. முழுசா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மஹிமா. தமயந்தி தி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கையெழுத்திட்டார்.

நாலு ஐம்பதுக்கு மூன்று கையெழுத்தும் சேர்ந்தன. எழுத்துருப் பொதிப்பில் பயன்பட்டவை மட்டும், வங்காளம் தவிர. மறைந்த லேயர்கள் நீக்கம். திருத்தும் வசதி வேண்டாம். கோப்பு ஏழு புள்ளி ஒன்பது எம்.பி.யாக வெளியே வந்தது. பக்கத்துக்குப் பக்கம் புரட்டினாள். சேர்மன் முகம் பளிச்சென்று இருந்தது, ஜப்பானிய வரியும் ஒரு கோடு குறையாமல் நின்றது. நாலு ஐம்பத்தேழுக்கு இணையதளம் பச்சை டிக் காட்டியது. குருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்து முருகா என்றார்.

திங்கட்கிழமை காலை சொன்னபடியே நீட்டிப்புக்கு எழுதினார். மதியமே பணியாளர் பிரிவிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்துவிட்டது. அறிக்கை நல்லபடியாக முடிந்துவிட்டதால் டிசைனர் இனித் தேவைக்கு மேல். மாதக் கடைசியில் விடுவிக்கலாம்.

"நான் என்னம்மா பண்ணுவேன்" என்றார் குருமூர்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல். மஹிமா மேஜைக்குத் திரும்பிப் பையில் தன் பாட்டிலையும் சார்ஜரையும் எடுத்து வைத்தாள். கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அது ஏன் என்றுதான் தெரியவில்லை.

அப்போது சுந்தரராஜன் வந்தார். கையில் அரக்கு முத்திரை வைத்த ஒரு சின்ன உறை. பழைய அறுபத்தெட்டு எம்.பி. கோப்பு ஒரு பென் டிரைவில்.

"எங்க கிளம்பற? கண்டமான சரக்கு ஏலம் போற வரைக்கும் பொறுப்பாளர் கஸ்டடியில இருக்கணும். சரக்கை அடையாளம் காட்டத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்னு விதி. இந்த ஆபீஸ்ல அந்தப் பதினேழாயிரத்தையும் பார்த்தது நீ ஒருத்திதான். உன் பேரைப் போட்டுட்டேன். ஒப்படைக்காம உன்னை விடுவிக்க முடியாதுன்னு பெர்சனலுக்கும் லெட்டர் போயாச்சு. கையெழுத்துப் போடு."

மஹிமா போட்டாள். செய்த நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு அவளை வேண்டாம் என்றவர்கள், தூக்கி எறிந்ததற்காக அவளை வைத்துக்கொள்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

"ஏலத்துக்கு யாராவது வருவாங்களா, சார்?"

சுந்தரராஜன் பேரேட்டை மூடினார். "பன்னிரண்டு வருஷமா ஒரு டைப்ரைட்டரையே எவனும் கேட்கலை. இத்தனை ஜப்பான் எழுத்தை யாரும்மா எடுப்பான்? நீ போய் நிம்மதியா டீ சாப்பிடு."