மிஷின் நின்றபோது

அச்சகத்தில் ஆபரேட்டர் வேலைக்குப் பேச வந்திருந்தாள் அவள். முப்பதாயிரம் கிடைத்தால்தான் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வர முடியும். குறைந்தால் வீட்டிலேயே இருக்கவேண்டியதுதான். நேற்று கணவன் முதலாளியாக நடித்துப் பழக்கியிருந்தான். "தொகையைச் சொல்லிட்டு வாயைத் திறக்காதே. முதல்ல பேசுறவங்கதான் இறங்கணும்."

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கம்மா?" என்றார் முதலாளி.

"நாலு கலர் மிஷின்ல ஒன்பது வருஷம் சார். வீணாகுற தாளைப் பாதியாக் குறைச்சிருக்கேன். முப்பத்திரண்டு எதிர்பார்க்கிறேன்."

"முப்பத்திரண்டா! அப்புறம் என் நாற்காலியில நீங்களே உட்கார்ந்துக்கலாம். இருபத்திநாலு தரேன்."

"நான் நினைச்சதைவிட ரொம்பக் கம்மி சார்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். சுவருக்கு அப்பால் மிஷின் தடதடத்தது. அந்தச் சத்தத்தில் பேசாமலிருப்பது சுலபமாக இருந்தது. முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "சரி, பார்த்து ஏதாவது..." என்று இழுத்தார்.

மிஷின் நின்றது.

இத்தனை வருஷமும் மிஷின் நின்றால் அவளுக்குத்தான் திட்டு விழும். யாரும் கேட்பதற்குள் சமாதானம் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருபத்தாறுன்னாலும் பரவாயில்ல சார்."

அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "இருபத்தஞ்சு. திங்கட்கிழமை வந்துடுங்க."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

தெருவுக்கு வந்தவள், கணவனுக்குப் போன் செய்யாமல் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.