கூடையில் போட வேண்டாத துண்டு

சீக்கியர் கோயிலான குருத்வாராவின் வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு பாலுசாமி தம் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கொடுமுடிக் கோயிலாயினும் குலதெய்வக் கோயிலாயினும் அவர் வணங்கும் முறை அதுதான். பக்கத்தில் நின்ற சுப்பண்ணன் தன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அது கடவுளுக்காகச் செய்ததன்று. பாலுசாமி பக்கத்தில் நின்றதற்காகச் செய்தது.

வரவேற்க ஓடிவந்த குர்தேவ் சிங் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் தப்பாப் பண்றீங்களே! துண்டு இடுப்புல இல்லீங்க, கக்கத்துல இல்லீங்க. தலையில! இங்க தலையை மூடித்தான் மரியாதை. மூடாம யாரும் உள்ள போகக் கூடாதுங்க."

கோவையில் இருபது ஆண்டுகளாக லாரி உதிரிபாகக் கடை நடத்துபவர் குர்தேவ் சிங். இரண்டு மாதத்துக்கு முன் சூலூர்ச் சாலையில் அவருடைய ஸ்கூட்டர் சறுக்கியது. மண்டையிலிருந்து கொட்டிய இரத்தத்தைத் தன் துண்டைக் கிழித்துக் கட்டி நிறுத்தியவன் சுப்பண்ணன்; தலையை மடியில் தாங்கியவள் அவன் மனைவி மாரியாத்தாள்; ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கொடுத்தவர், அவர்கள் தறி ஓட்டும் பட்டறையின் முதலாளி பாலுசாமி. உயிர் பிழைத்தவர் கிழிந்த துண்டுக்கு ஈடாகப் புதுத்துண்டு ஒன்றைச் சுப்பண்ணனுக்குத் தந்தார். குருநானக் பிறந்தநாளுக்கு மூவரையும் அழைத்தார். மூவரையும் "வாங்க" என்ற ஒரே சொல்லால் அழைத்தார்.

தலையில் கட்டுவதென்றால்? ஒடுக்கப்பட்டவர்கள் குடியிருக்கும் தெற்கு வளவில் பிறந்தவன், நிலம் ஆளும் பண்ணாடிமார் முன்னால் தலையில் துண்டு கட்டக் கூடாது. சட்டப் புத்தகத்தில் அது இல்லை. ஊரின் கண்களில் இருந்தது. கட்டிய ஒருவனுக்குச் சென்ற ஆண்டு தறி வேலை பறிபோனது. ராட்டினம் சுற்றும் காலம் போய், விசைத்தறி ஓடும் காலம் வந்து, மேடைதோறும் சமத்துவம் முழங்கும் காலமும் வந்த பின்னர், ஒரு முழத் துணி ஒரு மனிதனின் பிழைப்பைத் தீர்மானித்தது!

பாலுசாமி தாழ்ந்த குரலில் சொன்னார்: "சுப்பா, நீ வெளியவே இரு. சாப்பாடு கொண்டாந்து குடுக்கச் சொல்றேன்."

குர்தேவ் சிங்கின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை.

"அண்ணா, துண்டு கட்டாட்டித்தானுங்க வெளிய நிக்கோணும். கட்டிப்போட்டா எந்த மதம், எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. துண்டு இல்லாதவங்களுக்கும் அந்தக் கூடையில கைக்குட்டை இருக்குதுங்க. போறப்பத் திருப்பிப் போட்டுட்டுப் போலாம். அப்புறம், பீடி, சுருட்டு, பொகையில ஏதாச்சும் மடியில இருந்தா வண்டியிலயே வெச்சுப்போட்டு வாங்க. உள்ள ஆகாது."

மாரியாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்த புகையிலைப் பொட்டலத்தை ஓடிப்போய் அவர்கள் வந்த ஜீப்பில் வைத்துவிட்டு வந்தாள். வரும்போதே முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். உள்ளிருந்து தபேலாவோடு பாட்டு கிளம்பியது. அவள் பாதங்கள் தரையில் நிற்கவில்லை.

"என்னங்க நிக்கறீங்க? கட்டுங்க! அண்ணன் சொல்றாருல்ல!"

சுப்பண்ணன் பாலுசாமியைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். கக்கத்துத் துண்டை உதறினான். முதல் சுற்று நழுவியது. இரண்டாவது சுற்று நின்றது. கலியாணத்தன்று கட்டியிருந்த உருமாலைக்குப் பிறகு தன் கணவன் தலையில் துணியை இப்போதுதான் காண்கிறாள் மாரியாத்தாள்.

"ஆத்தாடி, மாப்பிள்ளை மாதிரி இருக்கறீங்க!" என்றாள், பண்ணாடி நிற்பதையும் மறந்து.

பாலுசாமிக்கு வேறு வழியில்லை. அழைத்தவர் எதிரே நிற்கிறார். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தலையில் சுற்றினார். மூவரும் கைகால் கழுவி உள்ளே போனார்கள்.

விதானத்தின் கீழே, பட்டுத்துணி விரித்த மேடைமேல், அவர்கள் குருவாகவே போற்றும் கிரந்தம் இருந்தது. ஒருவர் பின்னால் நின்று வெண்சாமரம் வீசினார். சீக்கியர்கள் நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். "உங்களுக்கு மனசு இருந்தாக் கும்பிடுங்க. இல்லீன்னா கைகூப்பி நின்னுட்டு வந்து உக்காந்தாப் போதுமுங்க" என்றார் குர்தேவ் சிங். சுப்பண்ணன் கைகூப்பினான், யாரும் அவனைக் குனியச் சொல்லவில்லை என்பதே அவனுக்கு வியப்பாக இருந்தது. நாற்காலியைத் தேடிய பாலுசாமியின் கண்கள் ஏமாந்தன. எல்லோருக்கும் ஒரே விரிப்பு. முழங்கால் வலித்து அவர் காலை நீட்டியபோது, "மடக்கிக்குங்கண்ணா, கிரந்தத்துப் பக்கம் காலை நீட்டறதில்லீங்க" என்ற மெல்லிய குரல் வந்தது. ஒருவர் பாத்திரத்தோடு வரிசையாக வந்து, குவித்த கைகளில் நெய் சொட்டும் கோதுமை இனிப்பை வைத்துக்கொண்டே போனார். பாலுசாமிக்கு வைத்த அதே கை, அதே பாத்திரத்திலிருந்து சுப்பண்ணனுக்கும் வைத்தது.

பிறகு சாப்பாட்டுக்கூடம். லங்கர் என்றார்கள். நீளப் பாய்களில் வரிசை நிரம்பிக்கொண்டே வந்தது. பாலுசாமி ஓரமாக நின்றார்.

"சிங்கு, எனக்கு அந்தப் பக்கமாத் தனியா ஒரு பாய் போடச் சொல்லுங்க."

"தனிப் பாய் இங்க இல்லீங்கண்ணா. வந்த வரிசையில உக்காரோணும். கலெக்டர் வந்தாலும் அப்படித்தானுங்க. அங்க ரொட்டி சுடறாரு பாருங்க, அவரு ரெண்டு மில்லுக்கு ஓனரு."

வரிசையில் காலியாக இருந்த இடம் சுப்பண்ணனுக்குப் பக்கத்தில்தான். பின்னால் வந்தவர்கள் நின்று காத்தார்கள். பாலுசாமி உட்கார்ந்தார்.

தட்டில் பருப்பும் காய்கறியும் விழுந்தன. ரொட்டி கொண்டுவந்த பெண் குனிந்து நீட்டினாள். பாலுசாமி ஒரு கையை நீட்டினார். அவள் ரொட்டியைப் போடாமல் புன்னகையோடு நின்றாள்.

"ரெண்டு கையிலயும் வாங்கோணுமாமுங்க பண்ணாடி" என்றாள் மாரியாத்தாள், சிரிப்பை அடக்கியபடி.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! களத்துமேட்டில் கூலித் தானியத்தை அவர் உயரத்திலிருந்து போட, கீழே நின்று இரு கை ஏந்தியவர்கள் இவர்கள். அந்தப் பாலுசாமி இன்று இரு கைகளையும் ஏந்தினார். ரொட்டி விழுந்தது. வானம் இடியவில்லை, கூரை சரியவில்லை, பருப்பின் சுவையும் கெடவில்லை. சொல்லப்போனால் அவர் மறுபடியும் பருப்பு கேட்டு வாங்கினார். வீணாக்கக் கூடாது என்றதும் தட்டை வழித்தும் சாப்பிட்டார்.

ஆனால் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், வெயிலில் அவருக்கு ஊர் நினைவு வந்தது. விருந்தாளிகள் சிலர் கைக்குட்டைகளை அவிழ்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் தம் துண்டைத் தோளுக்கு மாற்றினார்.

"சுப்பா, வெளிய வந்தாச்சு. அவுத்துப்போடு."

சுப்பண்ணன் கூடையைப் பார்த்தான். தலையைத் தொட்டுப் பார்த்தான்.

"அது இரவல் துணிங்க. இது என்ற துண்டுங்க. கூடையில போட வேண்டியதில்லீங்க."

"வண்டியில ஏறோணும்னா அவுத்துப்போட்டு ஏறு. இல்லீன்னா நாளைக்குத் தறிக்கும் வராதே."

"உள்ள ஒரு நாயம், வெளிய ஒரு நாயமுங்களா? நாங்க பஸ்ஸுல வாரமுங்க."

பாலுசாமி தனியாக ஜீப்பில் ஏறிக்கொண்டார். வாசலில் குர்தேவ் சிங் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

சுப்பண்ணன் மனைவியைப் பார்த்தான். "தறி போச்சு, அம்மணி."

"சூலூர்ல தறிக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பட்டறை சத்தம் போடுது. வாங்க, பஸ்ஸு வருது!" அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். படியில் கால் வைத்தபோதுதான் நினைவு வந்து, தலையில் கை வைத்தாள்.

"ஐயையோ! என்ற பொகையிலைப் பொட்டலம் வண்டியோட போச்சுங்க!"

"போகுது போ. பண்ணாடி மெல்லட்டும்."

சூலூர் வரையில் இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். காற்று எவ்வளவு அடித்தும் அந்தத் துண்டு அவிழவில்லை.