ஸிராஜைக் கெடுத்த அத்தியாயம்

வியாழக்கிழமை அத்தியாயம் வெளிவந்ததிலிருந்து ஹாஜறா பேசவில்லை.

அப்ரா எழுதும் தொடர்கதையை முதலில் வாசிக்கும் தோழி அவள்தான். செயலியில் ஏற்றிய கையோடு சிரிப்பும் ஏச்சும் கலந்து ஒரு குரல்பதிவு அனுப்புவாள். இந்த முறை அப்ரா அனுப்பிய செய்தியின் கீழே இரண்டு நீலச் சரிக் குறிகள் மட்டும் விழுந்தன. வாசித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான கதை அது. ஏ.எல். எனும் உயர்தரம் படிக்கும் சமீஹாவை இரண்டு பையன்கள் விரும்புகிறார்கள். றிஸான் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன், வாய் ஓயாதவன். அவன் கதைத்தால் சமீஹா தனக்கே அறிமுகமில்லாத ஒருத்தியைப் போலச் சத்தமாகச் சிரிப்பாள். ஸிராஜ் நூலகத்தில் எதிர் மேசையில் இருந்து படிப்பவன். அவளுடைய உம்மாவின் சுகயீனத்தை நினைவில் வைத்து விசாரிப்பவன்.

வாசகர்களை அடுத்த வாரமும் வரவழைக்க இது நல்ல வழி என்று அப்ராவுக்குத் தெரியும். றிஸானோடு முடிகிற அத்தியாயத்துக்கு அடுத்தது ஸிராஜோடு தொடங்கும். ஆனால் அவள் இரண்டு பேரை வைத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. பதினெட்டு வயது மனதுக்குள் முட்டிக்கொள்ளும் இரண்டு ஆசைகளை நேராக எழுதினால் புலம்பலாகிவிடும். ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் அவை நடந்து வரும், கோபிக்கும், காத்திருக்கும். யாரைத் தெரிவு செய்கிறாள் என்ற கேள்வி, யாராக இருக்கப்போகிறாள் என்ற கேள்வியாகிவிடும்.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வீட்டில் வாய் திறக்க இடமில்லாத பிள்ளைகள் றிஸான் பக்கம் நின்றார்கள். யாரும் தங்களைக் கவனிப்பதில்லை என்று எண்ணியவர்கள் ஸிராஜைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டை பையன்களைப் பற்றியதல்ல என்று அப்ரா நெடுநேரம் யோசித்துக் கண்டுகொண்டாள். அவரவர் தங்களுக்கு இல்லாததற்காகச் சண்டை பிடித்தார்கள். இந்த வகைக் கதையையே வெறுத்தவர்களும் உண்டு. "ரெண்டு பேரையும் தொங்கப்போட்டு விளையாடுறாள்" என்று ஒருத்தி எழுதினாள். "ரெண்டு பேரையும் உட்டுட்டு கெம்பஸுக்குப் போகச் செல்லுங்க, பாடம் கிடக்கு" என்று இன்னொருத்தி. அதற்குத்தான் அதிக விருப்பங்கள் விழுந்தன.

தொடக்கத்திலிருந்தே சமீஹா றிஸானைத்தான் தெரிவு செய்வாள் என்று அப்ரா முடிவெடுத்திருந்தாள். சிக்கல் என்னவென்றால், ஸிராஜ் எழுத எழுத நல்லவனாகிக்கொண்டே போனான். கல்முனையில் புத்தகக்கடை வைத்திருக்கும் இன்பாஸ் இதை நூலாகப் போட இருந்தார். கதை எப்படி முடியும் என்று கேட்டறிந்தவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஸிராஜ்ட ஆக்கள் புத்தகத்தைத் தூக்கி வீசுவாங்க, தங்கச்சி. அவனக் கொஞ்சம் கெடுத்து உடுங்க. புள்ளைகளுக்கு மனசு ஆறும்."

அவள் கெடுத்தாள். அதற்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீட்டைக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பான், வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில் கிடக்கும். அந்த வியாழக்கிழமை அத்தியாயத்தில், சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஸிராஜ், உறுதியைத் தன் பெயருக்கு எழுதச் சொன்னதாக அப்ரா எழுதினாள். அன்று பின்னேரத்துக்குள் அவனுக்கு ஆளில்லை. "சீ, இவனயா நல்லவனெண்டு நினைச்சம்" என்று அவனுடைய ஆட்களே திட்டினார்கள். நிந்தவூர்ப் பிள்ளை ஒருத்தி, "எங்கட ராத்தாக்குப் பேசுற ஆளயும் இப்பிடித்தான் செல்றாங்க" என்று தன் மூத்த சகோதரியைப் பற்றி எழுதியிருந்தாள். அப்ரா அதை வாசித்துவிட்டுக் கடந்து போனாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அப்ரா, சாய்ந்தமருதில் இருக்கும் ஹாஜறாவின் வீட்டுக்குப் போனாள். புது வீடு. கணவன் ஸாஜித் கடைக்குப் போயிருந்தான். ஹாஜறா தேத்தண்ணி ஊற்றி வைத்தாள், அப்ராவின் பக்கம் பார்க்காமல் கதிரையில் இருந்தாள்.

"ஏசுறதெண்டா ஏசிரு புள்ள" என்றாள் அப்ரா.

"ஏசி என்ன? ஊரே கைதட்டுதே."

"கதைதானேகா."

"மசூரத் தெரியுமா ஒனக்கு?"

தெரியும். ஸாஜிதுக்கு முன்னால் ஹாஜறாவைக் கேட்டு வந்த ஆசிரியர். வீட்டார் பேசிய இடம். இவள்தான் வேண்டாம் என்றாள்.

"எனக்கு ஸாஜித் புடிச்சிருந்திச்சி. மசூரில ஒரு குறையும் இல்ல. ஒரு நல்ல மனிசன வேணாமெண்டு செல்ல இஞ்ச ஒரு பொம்புளைக்கு வழியிருக்கா? மாமா ஒரு காரணத்தச் செஞ்செடுத்தார். உறுதிய தன்ட பேருக்கு எழுதக் கேட்டானாம் எண்டு. நான் இல்லயெண்டு எல்லார்ட்டயும் செல்லிப் பாத்தன். ஆரும் நம்பல்ல." அவள் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "இப்ப நிந்தவூர்ல அவருக்குப் பேச்சு நடக்குது. அந்தப் புள்ளட தங்கச்சி ஒன்ட கதைய வாசிக்கிறவள்."

கடந்து போன அந்த வரி திரும்ப வந்து கண்முன் நின்றது.

"நீ செஞ்சதும் மாமா செஞ்சதும் ஒண்டுதான்" என்றாள் ஹாஜறா. "அவன் கெட்டவனெண்டா சமீஹா ஒண்டயும் தெரிவு செய்யல்ல. மிச்சமிருந்தத எடுத்தாள், அவ்வளவுதான். நான் அப்பிடி எடுக்கல்ல. ரெண்டு பேரும் நல்லவங்க. அதுதான் எனக்கு நித்திரையில்லாமப் போன காரணம்."

வெளியே பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னது. அப்ரா எழுந்தாள்.

அடுத்த நாள் அப்ரா அந்த அத்தியாயத்தைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டாள். திரும்ப எழுதுவது பாரமான வேலையாக இருந்தது. கெடுக்க ஒரு வசனம் போதுமாக இருந்த இடத்தில், நல்லவனாக வைத்துக்கொண்டே மறுக்கப் பக்கம் பக்கமாக வேண்டியிருந்தது. புதிய அத்தியாயத்தில் ஸிராஜ் எதையும் கேட்பதில்லை. சமீஹாவின் மாமா அந்தப் பேச்சைக் கட்டிவிடுகிறார். அதை ஏற்றுக்கொண்டால் அவளுக்கு எல்லாம் இலகு. அவள் ஏற்கவில்லை. ஸிராஜ் கேட்கவில்லை என்று சபையில் சொல்கிறாள், அதற்குப் பிறகும் அவனை வேண்டாம் என்கிறாள். றிஸானின் பக்கத்தில் இருக்கும்போது தான் ஆகும் அந்த ஒருத்தியை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் காரணம். ஸிராஜ் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நூலகத்தை விட்டுப் போகிறான்.

இன்பாஸ் வாசித்துவிட்டு அழைத்தார். "பாதி சனம் உங்களுக்கு ஏசும்."

"ஏசட்டும், இன்பாஸ் நானா."

"ஏசுற சனம் வாங்காது. இந்த முடிவெண்டா நான் யோசிக்கணும்."

"யோசிங்க" என்றாள். நூல் கையை விட்டுப் போகிறது என்பது அவர் குரலிலேயே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை புதிய அத்தியாயத்தை ஏற்றினாள். ஏச்சு வந்தது. ஸிராஜின் ஆட்கள் பழைய பாசத்தோடும் புதிய கோபத்தோடும் திரும்பி வந்தார்கள். "ஒரு காரணமும் இல்லாம ஒருத்தன அழவெச்சிட்டாள்" என்று எழுதினார்கள். றிஸானின் ஆட்களுக்கும் வெற்றி இனிக்கவில்லை. அப்ரா எல்லாவற்றையும் வாசித்தாள். ஹாஜறாவிடமிருந்து இரண்டு நீலச் சரிகள் வந்தன. குரல்பதிவு வரவில்லை.

அடுத்த நாள் ஜும்ஆத் தொழுகை நேரம் ஊர் அடங்கிக் கிடந்தபோது கருத்துகளை மறுபடி திறந்தாள். நிந்தவூர்ப் பிள்ளை கேட்டிருந்தாள்: "அப்ப அந்த ஆள் வீட்டக் கேக்கவே இல்லயா?"

கதையைப் பற்றிய கேள்வி போலத்தான் இருந்தது. அப்ரா பதில் எழுதத் தொடங்கி அழித்தாள். அவள் என்ன எழுதினாலும் அது ஸிராஜைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. புனைபெயரில்லை. மாமாவும் மாமி மக்களும் ஊரும் வாசிக்கக்கூடிய சொந்தப் பெயர், கணவன் பெயரோடு சேர்த்து: ஹாஜறா ஸாஜித்.

"கேக்கல்ல. மசூரும் கேக்கல்ல. வேணாமெண்டு சென்னது நான்."