இரண்டாவது டேக்

வீட்டுக்காரம்மா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "என் சோபாவுக்கு அடியில ஒரு கைக்குழந்தையோட சாக்ஸ் கெடக்கு. குளியலறையில துண்டு ஈரமா இருக்கு. எட்டு மாசம் கழிச்சு இன்னிக்கு ஒரு மணி நேரம் வந்து பாத்தா இப்படி" என்றார், நிதானமாக. சுத்தம் செய்பவரை அடுத்த சனிக்கிழமைக்குள் நிறுத்தாவிட்டால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். நானும் என் தங்கையும் நடத்துகிறோம். பன்னிரண்டு வீடுகள், அலமாரிக்குள் பன்னிரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றிலும் சாவியும் கேட் கார்டும் போட்ட ஒரு ஜிப் பை. பைக்கு வெளியே, அது எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் சின்ன வட்டமான டேக் ஒன்று தொங்கும். அந்த டேக்குகள் என் போனிலும் தங்கை போனிலும் தெரியும். அந்த அம்மாவின் வீட்டுப் பையான ஏழாம் எண் எந்நேரமும் ஆபீஸிலேயே இருந்ததாகத்தான் என் போன் சொன்னது, திங்கட்கிழமைகளைத் தவிர. திங்கட்கிழமை பெரியம்மா போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு வருவார்.

பெரியம்மா எங்களோடு ஒன்பது வருடமாக இருக்கிறார். சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. நான்கு மாதம் முன்புதான் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது.

"வேற யாரு வீட்ல கைக்குழந்தை இருக்கு, சொல்லு?" என்றாள் தங்கை. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பாவம், வீட்ல ஃபேன் கூட சரியா ஓடாதாம். தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டித் தூங்க வச்சிருப்பாங்க. நம்ம பேரு கெட்டுப்போச்சு."

பெரியம்மாவை நேராகவே கேட்டேன். "நான் இல்லம்மா" என்றார். இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறாரே, மடியில் கனமிருக்கிறது என்று முடிவு கட்டினேன். என் புத்தி அப்படி. ஒருமுறை ஒன்றைப் பிடித்தால் விடாது.

அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு புது டேக் வாங்கி என் போனில் மட்டும் சேர்த்தேன். தங்கைக்குச் சொல்லவில்லை. அவள் வாய் ஓட்டை, பெரியம்மாவிடம் உளறிவிடுவாள் என்ற பயம். ஒன்றை ஏழாம் எண் பையின் துணி மடிப்புக்குள், கேட் கார்டுக்குப் பின்னால் செருகினேன். மற்றதை, திங்கட்கிழமை பெரியம்மா கை கழுவப் போனபோது, அவருடைய சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டேன். நான் தயங்கக்கூட இல்லை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டேக்குக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. சும்மா சின்னதாக ஒரு குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் போகிறவர்களின் போன் அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை மட்டும் அனுப்பிவைக்கும். போனை வைத்திருப்பவருக்கே அது தெரியாது. முன்பின் தெரியாத பத்துப் பேர் எனக்காக ஒற்றர் வேலை பார்த்தார்கள். அடுத்தவருடைய டேக் ஒரே ஆளோடு வெகுநேரம் சுற்றினால் மட்டும் அந்த ஆளின் ஸ்மார்ட் போன் எச்சரிக்கும். பெரியம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். அது எதையும் கேட்காது, எதையும் சொல்லாது. அவருக்குத் தெரியவே போவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து நான் மூன்றாம் வீட்டில் பிளம்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். ஏழாம் எண் பையின் பழைய டேக், ஆபீஸில். அதற்குள் நான் ஒளித்துவைத்த டேக், ஏழாம் வீட்டில், 'நான்கு நிமிடம் முன்பு'. வெளியே தொங்குவதைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பையை எடுத்துப் போயிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை நாளாக என் போன் என்னை ஏமாற்றியது.

பெரியம்மாவின் சாப்பாட்டுப் பை நான்காம் வீட்டில் இருப்பதாகக் காட்டியது. வியாழக்கிழமை அங்கேதான் அவருக்கு வேலை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பையை அங்கே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார், பலே கெட்டிக்காரி என்று நினைத்தபடி ஆட்டோ பிடித்தேன்.

ஏழாம் வீட்டுக் கட்டடத்தின் வாசலில் இறங்கும்போது தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. யாரோட டேக்கோ என்கூடவே வருதுன்னு போன்ல வந்திருக்கு. காலையில இருந்து நான் போன வழியெல்லாம் மேப்ல புள்ளி புள்ளியா காட்டுது. சத்தம் எழுப்பச் சொன்னா என் கைப்பைக்குள்ள இருந்து கத்துது. யாரோ என்ன பின்தொடர்றாங்கக்கா."

"நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான்க்கா. நீ சீக்கிரம் வாயேன்."

அவள் கைப்பைக்குள் கத்தியது நான் ஏழாம் எண் பையில் ஒளித்த டேக்தான். அவள் பயம் நிஜம். அந்தப் பயத்தில் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். அதிலும் பொய் சொன்னாள்.

"வந்துட்டேன்" என்றேன், ஏழாம் வீட்டுப் படியேறியபடி. "கதவைத் திற."

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. ஜன்னலோரம் வெள்ளை விரிப்பில் யாரோ ஒருவருடைய குழந்தை கிடந்தது, தலையில் பூனைக்காது தொப்பி. அம்மாக்காரி பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். தங்கையின் சிநேகிதி கேமராவைக் கீழே இறக்கினாள். எனக்கு அவளைத் தெரியும். குழந்தைகளைப் படம் எடுப்பது அவள் வேலை.

தங்கை என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். "இந்த வீட்டு வெளிச்சம் நல்லா இருக்குன்னு கேட்டா. சும்மாதானே பூட்டிக் கெடக்கு. இதுல என்னக்கா?"

"சாக்ஸ் கெடச்சப்போ வாயத் திறந்திருக்கலாமே."

"திறந்தா நம்ம தொழில் போயிருக்கும். பெரியம்மான்னா வேற வீடு பாத்துப்பாங்க." சொல்லிவிட்டு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகம் மாறியது. "இரு. அந்த டேக் உன்னோடதா? நீயா என்ன வேவு பாத்த?"

"உன்ன இல்ல."

"அப்ப யார?"

கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னதும் நீயும் நம்பிட்ட" என்றாள். கூடப் பிறந்தவள் என் கண்ணெதிரே நின்றுகொண்டு, தன் தவறில் பாதியை என் பங்காக எடுத்துவைத்தாள். எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அறையாததற்குக் காரணம் அவள் சொன்னது உண்மை என்பதுதான்.

படியிலேயே நின்று வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். "பெரியம்மா இல்லைங்க. என் தங்கச்சி" என்றேன். அவர் சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஆபீஸுக்குத் திரும்பியபோது பெரியம்மா வேலை முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தங்கை, கேமரா, குழந்தை, வீட்டுக்காரம்மாவிடம் நான் பேசியது. மன்னிச்சுக்கோங்க என்றும் சொன்னேன். சாப்பாட்டுப் பையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எடுத்துவிடலாம், தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, சின்ன வெள்ளை வட்டம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"செவ்வாக்கிழமை ராத்திரி பைய நகர்த்தி வைக்கிறப்போ இது கீச்சுன்னு கத்துச்சு. பேத்தி பயந்து எழுந்திரிச்சிட்டா. எலிக்குஞ்சோன்னு கவுத்துப் பாத்தேன். உங்க சாவியில தொங்குறது மாதிரியே இருந்துச்சு."

என் போனைவிட்டு ஒரு நாள் தள்ளியிருந்தால் டேக் தானாகவே கத்தும் என்பதை நான் மறந்திருந்தேன். "செவ்வாக்கிழமையேவா? அப்பவே கேட்டிருக்கலாமே, பெரியம்மா."

அவர் நான்காம் வீட்டுச் சாவிப் பையையும் அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து தான் வேலை பார்க்கும் மற்ற மூன்று வீட்டுச் சாவிப் பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

"தூக்கிப் போடாம தினமும் கொண்டுட்டு வந்தேம்மா. என் போன் இதெல்லாம் சொல்லாது. நீங்களாவது சொல்வீங்களான்னு இப்ப வரைக்கும் பாத்தேன்."