டிங் சாரின் ஒப்புதல்கள்

தூங்கிக்கொண்டே ஒப்புதல் கொடுப்பதில் தன்னை மிஞ்ச இந்த உலகத்தில் ஆளில்லை என்று டிங் சார் சொல்லிக்கொள்வார். குறட்டை ஒரு பக்கம் ஓடுமாம், கட்டைவிரல் ஒரு பக்கம் வேலை பார்க்குமாம். குறட்டையின் சுருதிகூடப் பிசகாதாம்.

"கதை விடாதீங்க சார்," என்பாள் சிஸ்டம் பெண். அலுவலகத்து மென்பொருளைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான்.

கட்டடங்களைப் பராமரிக்கும் கம்பெனி அது. பிளம்பருக்கு லீவா, எலெக்ட்ரீஷியனுக்கு ஏணியா, எந்தக் கோரிக்கையானாலும் அனுப்பிய நொடியே டிங் சாரின் போனில் 'டிங்'. அந்த அறிவிப்பிலேயே 'சரி' என்றொரு பொத்தான். தட்டினால் முடிந்தது. பட்டப்பெயர் வந்த வழியும் அதுதான்.

மனைவி போன பிறகு வீட்டில் அவரோடு பேச மிஞ்சியது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் ஒரே ராகத்தில் முனகும். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், வைத்துவிடுவாள். மற்றபடி டிங்தான். தட்டைக் கழுவும்போது டிங் வந்தால், வாசலில் யாரோ வந்து நிற்பதுபோல ஈரக்கையோடு ஓடுவார். துடைப்பம் கேட்டு வந்த கோரிக்கையைக்கூட விருந்தாளியைப் போல வரவேற்பார்.

அதில்தான் கை வைக்க வந்தாள் சிஸ்டம் பெண்.

"ஒண்ணொண்ணா அனுப்புறதை நிறுத்திடலாம் சார். காலையில பதினோரு மணி, சாயங்காலம் நாலு மணி. அதுவரைக்கும் சேர்ந்ததெல்லாம் ஒரே பட்டியலா வரும்."

"பதினொண்ணே காலுக்கு ஒருத்தன் கேட்டா?"

"நாலு மணிக்கு வரும். தண்ணி கசிவு, கரண்ட் கோளாறுன்னா மட்டும் உடனே. அந்த 'அவசரம்' பொத்தானும் சூப்பர்வைசர் கையிலதான் இருக்கும். இல்லேன்னா துடைப்பமெல்லாம் அவசரமாயிடும்."

"எதுவுமே சேரலைன்னா?"

"எதுவும் வராது சார்."

டிங் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போம்மா, போய் வேலையைப் பாரு," என்றார்.

அந்த வாரமே வந்தது வினை. ஒரே நாளில் நான்கு பிளம்பர்களும் லீவு. கம்பெனியில் இருப்பதே நான்கு பேர்தான். அன்றைக்கென்று பார்த்து ஒரு கட்டடத்தில் குழாய் வெடித்தது. கணுக்கால் அளவு தண்ணீர்தான். டிங் சார் பிற்பாடு சொன்ன கணக்கில் அது இடுப்பைத் தாண்டி, கணக்குப்பிள்ளை மேசைமேல் ஏறி மிதந்துபோனார்.

முதலாளி கூப்பிடுகிறார் என்று சொல்ல சிஸ்டம் பெண் ஓடி வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். டிங் சார் நாற்காலியில் சாய்ந்து, வாய் பிளந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பூட்டுப் போடாத போன் வயிற்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டிங். கட்டைவிரல் நகர்ந்தது, பொத்தானைத் தொட்டது, மறுபடி படுத்துக்கொண்டது. கண் திறக்கவில்லை. குறட்டையின் சுருதியும் மாறவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், கதவைத் தட்டி எழுப்பினாள்.

முதலாளி அறையில் திட்டெல்லாம் அவளுக்குத்தான்.

"புத்தி உள்ள எந்த மனுஷனும் நாலு பிளம்பருக்கும் ஒண்ணா லீவு குடுக்க மாட்டான். உன் சிஸ்டம் தானா 'சரி' போட்டிருக்கு. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்."

அவள் சொல்லவில்லை. தலைகுனிந்து நின்றாள். பார்த்ததைச் சொன்னால் பெரியவர் மானம் போகும் என்று நினைத்தாளோ என்னவோ.

டிங் சாருக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி அவள் தலையில் விழும், அவள் கொண்டுவந்த பதினோரு மணியும் நாலு மணியும் குப்பைக்குப் போகும். டிங் அவரோடேயே இருக்கும். இல்லையென்றால் வீட்டில் அந்த ஃபிரிட்ஜ் மட்டும்தான். சட்டைப்பையில் போன் ஒருமுறை சிணுங்கியது. அவர் அதை வெளியே எடுத்து, பொத்தானைத் தொடாமல், மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சிஸ்டம் இல்லீங்க. நான்தான் குடுத்தேன். ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு ஆள் லீவுதானேன்னு தோணும். நாலையும் ஒரே இடத்துல பார்த்திருந்தா ரெண்டு பேரையாவது நிறுத்தியிருப்பேன். அந்தப் பொண்ணு சொன்ன பட்டியலையே போட்டுடுங்க."

"சார், அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காதீங்க," என்றார் முதலாளி. "இருபது வருஷமா உங்களைத் தெரியும். முழிச்சிக்கிட்டு இருக்குற மனுஷன் இப்படிச் செய்வாரா?"

"யாரு முழிச்சிருந்தது? நான் தூங்கிட்டு இருந்தேன்."

முதலாளி சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு. நீயாவது நம்புறியாம்மா இதை?"

சிஸ்டம் பெண் நிமிர்ந்தாள். டிங் சார் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"முன்னாடி நம்பலைங்க," என்றாள். "கொஞ்சம் முந்திதான் பார்த்தேன். சார் தூங்கிட்டேதான் அப்ரூவ் பண்றாரு. குறட்டைகூட நிக்கலை."